வந்து விழும் ‘லே’, விட்டுப்போகும் ‘ங்’

கடன் கொடுத்தவர் ஒருவர், வாங்கியவர் ஒருவர், நடுவில் ஒரு சிறுவன். திண்ணையில் நடக்கும் இந்தச் சின்னப் பேச்சைத் தாமிரபரணிக் கரையில் ஒருமுறையும் ஈரோட்டுப் பக்கம் ஒருமுறையும் நடத்திப் பார்க்கலாம். ஒரு சிறுகதையின் நடுவில் வரக்கூடிய அளவுதான் பேச்சு. எந்தக் கதையிலிருந்தும் எடுத்ததல்ல, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நானே எழுதியது. முதலில் திருநெல்வேலி:

“ஏலே, இங்கன வா. ஒங்கப்பன் எங்கல?”

“வயலுக்குப் போயிருக்காவ தாத்தா. பொழுதடையதுக்குள்ள வந்துருவாவ.”

“வந்தா நாங் கூப்பிட்டேன்னு சொல்லு.” பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் திரும்பி, “நீரு சொல்லும்வே, அந்த மோட்டாரு காசு எப்பம் தருவீரு?”

“இந்த மாசம் போட்டும் அண்ணாச்சி. பிசானம் அறுத்ததும் மொதச் சோலி அதாம்.”

“போன மாசமும் இதத்தாம்லா சொன்னீரு.”

இனி ஈரோட்டுப் பக்கம்:

“இங்க வா கண்ணு. உங்கய்யன் எங்க?”

“காட்டுக்குப் போயிருக்கறாருங் தாத்தா. பொழுதோட வந்துருவாருங்.”

“வந்தா நாங் கூப்புட்டன்னு சொல்லிப்போடு.” பக்கத்தில் இருப்பவரிடம், “ஏனுங் மாப்ள, அந்த மோட்டாரு காசு என்னாச்சுங்?”

“இந்த மாசம் போவட்டுமுங் மாமா. மஞ்ச வித்ததும் மொதச் சோலி அதுதானுங்.”

“போன மாசமும் இதையேதான சொன்னே.”

செய்தி இரண்டிலும் ஒன்றுதான். தகவலை மட்டும் ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் இரண்டும் ஒரே பத்தியாக முடிந்துவிடும். ஆனால் தமிழ் வாசகருக்கு முதல் வரியிலேயே மாவட்டம் தெரிந்துவிடுகிறது. கடைசி வரியில் தெரிவது அதைவிட முக்கியமானது. திருநெல்வேலிக்காரர் இன்னும் கோபப்படவில்லை. ஈரோட்டுக்காரர் கோபப்பட்டுவிட்டார். இந்த வேறுபாட்டை ஆங்கிலத்தில் கொண்டுவர முடியுமா என்பதுதான் வட்டாரக் குரலைக் காப்பாற்றுவது பற்றிய கேள்வி. உச்சரிப்பைக் காப்பாற்றுவது பற்றிய கேள்வி என்றே பலரும் இதை எடுத்துக்கொள்கிறார்கள். அதனால்தான் வேலை தொடக்கத்திலேயே தடம் மாறிப்போகிறது.

உச்சரிப்பைப் பிடித்துக்கொண்டு போகிறவருக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, எழுத்துகளை வெட்டிச் சிதைத்து எழுதுவது. ‘கோயிங்’ என்பதைக் ‘கோயின்’ என்றும் ‘ஃபாதர்’ என்பதை ‘ஃபாதா’ என்றும் எழுதுவார்கள். இப்படி எழுதினால் பேசுகிறவர் எந்த ஊர்க்காரர் என்பது தெரிவதில்லை. படிக்காதவர் என்ற எண்ணம்தான் ஏற்படுகிறது. அடுத்த வழி, நகரத்து இந்திய ஆங்கிலத்தைப் பேச விடுவது. வாக்கியத்தின் கடைசியில் ஒரு ‘ஒன்லி’, ஒரு ‘நோ’ சேர்ப்பார்கள். இது இன்னும் மோசம். பிசானம் அறுத்துக் கடன் அடைக்கப் போகிறவர் தன் மொழியில் தடுமாற்றமே இல்லாமல் பேசுகிறவர். சொல்ல வேண்டியதைச் சொல்லவும் மறைக்க வேண்டியதை மறைக்கவும் அவருக்கு நன்றாகத் தெரியும். அவரைத் தெரியாத மொழியில் தத்தித் தத்திப் பேசுகிறவராக மாற்றிக் காட்டினால் அவருடைய கெட்டிக்காரத்தனம் முழுவதையும் பறித்துவிடுகிறோம். இதை நான் அநீதி என்றே சொல்வேன்.

மூன்றாவது வழிதான் கௌரவமானது, வரலாறும் உள்ளது. ஆங்கிலத்திலேயே இருக்கும் ஒரு வட்டார மொழியைக் கடன் வாங்குவது. அரிஸ்டோஃபனீஸின் ‘லிசிஸ்ட்ராட்டா’ நாடகத்தில் ஏதென்ஸ்காரர்கள் ஒரு கிரேக்கமும் ஸ்பார்ட்டாக்காரர்கள் வேறொரு கிரேக்கமும் பேசுவார்கள். ஸ்பார்ட்டாக்காரர்களை ஸ்காட்லாந்துப் பேச்சில் பேச வைத்த ஆங்கில மொழிபெயர்ப்புகள் உண்டு, அமெரிக்கத் தென்பகுதிப் பேச்சில் பேச வைத்தவையும் உண்டு. கியூபெக் நாடக ஆசிரியர் மிஷேல் ட்ராம்ப்ளே மாண்ட்ரியலின் உழைக்கும் மக்கள் பேசும் பிரெஞ்சில் எழுதிய ‘லே பெல் ஸர்’ நாடகத்தை பில் ஃபின்ட்லேவும் மார்ட்டின் போமனும் ஸ்காட்லாந்துப் பேச்சுக்கு மாற்றினார்கள். ‘த கிட் சிஸ்டர்ஸ்’ என்ற பெயரில் 1989-இல் கிளாஸ்கோவில் அது மேடையேறியது. அது பொருந்தியதற்குக் காரணம் இருக்கிறது. நாடகம் முழுவதும் ஒரே பேச்சில் நடக்கிறது. பார்க்க வந்தவர்களும் அதே பேச்சைப் பேசுகிறவர்கள். ஒரு பெரிய மொழியின் நிழலில் நம் பேச்சு தாழ்வாகப் பார்க்கப்படுகிறது என்ற உணர்வு மாண்ட்ரியலிலும் கிளாஸ்கோவிலும் பொதுவாக இருந்தது.

நம் திண்ணைப் பேச்சுக்கு இவற்றில் எதுவும் இல்லை. ஸ்காட்லாந்துப் பேச்சைக் கொடுத்த உடனே திருநெல்வேலித் திண்ணை மறைந்து அங்கே மழையும் செம்மறியாடும் வந்துவிடுகின்றன. இரண்டு கதைகளும் ஒரே தொகுப்பில் இருந்தால் சிக்கல் இன்னும் கூடுகிறது. திருநெல்வேலிக்கு ஸ்காட்லாந்தைக் கொடுத்துவிட்டோம், கொங்குக்கு எதைக் கொடுப்பது? யார்க்ஷயரா, டெக்சஸா? எந்த அடிப்படையில்? கடன் வாங்கிய வட்டாரம் தன் சொந்த வரலாற்றையும் கூடவே கூட்டி வருகிறது, அதற்கு நம் கதையில் வேலை இல்லை. மொழிபெயர்ப்பு வகுப்புகளில் இந்த முறையை ஆர்வத்தோடு பரிந்துரைப்பவர்கள் உண்டு. அச்சிட்ட தமிழ்ச் சிறுகதை ஒன்றில் இது பொருந்தி வந்ததை நான் பார்த்ததில்லை.

உச்சரிப்பை விட்டுவிட்டு, குரல் எந்த உறுப்பில் குடியிருக்கிறது என்று ஒவ்வொரு பேச்சையும் தனித்தனியாகப் பார்ப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

திருநெல்வேலிப் பேச்சில் அது விளியிலும் முன்னிலையிலும் இருக்கிறது. அந்தப் பெரியவர் ஒரே மூச்சில் இரண்டு பேரிடம் பேசுகிறார். சிறுவனுக்கு ‘ஏலே’, ‘எங்கல’. பக்கத்தில் இருப்பவருக்கு ‘வே’, ‘நீரு’, ‘தருவீரு’. நீ என்பதற்கும் நீங்க என்பதற்கும் நடுவில் நீர் என்று ஒரு படி அங்கே இன்றும் உயிரோடு இருக்கிறது. வயதிலோ பழக்கத்திலோ கிட்டத்தட்டச் சமமான ஆணோடு, மரியாதை குறையாமல், ஆனால் தோளில் கை போட்டுப் பேசும் படி அது. நீங்க என்றால் தள்ளி வைத்ததுபோல் ஆகும், நீ என்றால் சண்டைக்கு இழுத்ததுபோல் ஆகும். ஆங்கிலத்தில் மூன்று படிக்கும் சேர்த்து ‘யூ’ ஒன்றுதான் இருக்கிறது.

சிறுவனின் பதிலிலும் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. பெரியவர் ‘ஒங்கப்பன்’ என்று ஒருமையில் கேட்கிறார். சிறுவன் ‘போயிருக்காவ’, ‘வந்துருவாவ’ என்று பன்மையில் சொல்கிறான். அப்பா அங்கே இல்லை, கேட்டவர் அப்பாவை விட மூத்தவர். அப்படியிருந்தும் தன் அப்பாவுக்கான மரியாதையைச் சிறுவன் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரே மனிதர் கேள்வியில் ‘அவன்’, பதிலில் ‘அவுக’. ஆங்கிலத்தில் இரண்டும் ‘ஹி’ என்ற ஒரே சொல்லில் கரைந்துபோகும்.

இதை எப்படி ஈடுகட்டுவது? விளிச்சொல்லை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று முதலில் தோன்றும். ‘அண்ணாச்சி’, ‘தாத்தா’ இரண்டையும் தயங்காமல் வைத்துக்கொள்ளலாம். வாக்கியத்தில் அவை நிற்கும் இடமே அவற்றின் வேலையைக் காட்டிவிடும். ‘லே’ அப்படியில்லை. எல், ஈ என்று இரண்டெழுத்தில் எழுதினால் பிரெஞ்சுச் சொல்போல் கண்ணில் படும். எல், ஏ என்று எழுதினால் சிங்கப்பூர் ஆங்கிலத்தில் வாக்கிய முடிவில் வரும் ‘லா’ காதில் விழும், பெரியவர் கப்பலேறிவிடுவார். ‘பாய்’ என்று ஆங்கிலமாக்கலாமே என்றால், வளர்ந்த ஆணைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்வதில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் காயம் இருக்கிறது. இங்கே சிறுவன்தான் என்று சமாளித்தாலும், இரண்டு பக்கம் கழித்து முப்பது வயதுக்காரரையும் பெரியவர் ஏலே என்றுதான் கூப்பிடுவார். அப்போது அந்தச் சொல் கைவிட்டுவிடும்.

எனவே ‘லே’யைச் சொல்லாக விட்டுவிட்டு வாக்கியத்தின் உடம்பில் தேடவேண்டும். சிறுவனிடம் பேசும்போது மொட்டைக் கட்டளை: “யூ, கம் ஹியர். வேர்ஸ் தட் ஃபாதர் ஆஃப் யுவர்ஸ்?” ‘யுவர் ஃபாதர்’ என்பதற்கும் ‘தட் ஃபாதர் ஆஃப் யுவர்ஸ்’ என்பதற்கும் இடையில்தான் ‘ஒங்கப்பன்’ உட்கார்ந்திருக்கிறார். பிரியம் கலந்த எகத்தாளம் ஆங்கிலத்துக்கும் சொந்தமானதுதான், எங்கிருந்தும் இறக்குமதி செய்ததல்ல. சிறுவனின் பதிலில் ‘ஹி’யைப் போடாமல் பெயரைத் திரும்பச் சொல்ல வைக்கலாம்: “அப்பா ஹேஸ் கான் டு த ஃபீல்ட்ஸ், தாத்தா. அப்பா வில் பி பேக் பிஃபோர் டார்க்.” ஆங்கிலத்தில் இரண்டாவது தடவை சுட்டுப்பெயர் வருவதுதான் இயல்பு. அது வராமல் ‘அப்பா’ மறுபடியும் வரும்போது, இவன் அப்பாவைச் சாதாரணமாகச் சுட்ட விரும்பவில்லை என்பது தமிழ் தெரியாதவருக்கும் எட்டுகிறது. பெரியவர் ‘வேர் இஸ்’ என்பதை ‘வேர்ஸ்’ என்று சுருக்கிப் பேசுகிறார், சிறுவன் எதையும் சுருக்காமல் முழுதாகச் சொல்கிறான். இந்த இரண்டு ஏற்பாடும் சேர்ந்தால் படிநிலை தெளிவாகிவிடும், அடிக்குறிப்பு வேண்டியதில்லை.

‘வே’க்கு நான் கண்ட நல்ல வழி பேச்சின் நீளம். சிறுவனுக்கு இரண்டு மூன்று சொற்களில் முடித்தவர், பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு முழுக் கேள்வியை வைக்கிறார்: “நவ் யூ டெல் மீ, வென் டூ ஐ சீ த மோட்டார் மணி?” காசைத் தருவது பற்றிய கேள்வி ‘நான் எப்போது கண்ணால் பார்ப்பேன்’ என்று மாறியிருப்பதைக் கவனியுங்கள். சமமானவரிடம் கொஞ்சம் விளையாட்டாகக் கேட்கும் தொனி அதில் வந்துவிடுகிறது.

கடைசி வரியில் ஆங்கிலம் நமக்குக் கைகொடுக்கிறது. ‘இதத்தாம்லா’ என்பதில் உள்ள ‘லா’ அல்லவா என்பதன் தேய்வு. கேட்பவரையும் உடன்படச் சொல்லிக் கூட்டுச் சேர்க்கும் ஒட்டு அது. ஆங்கிலத்தின் வால்கேள்வி அதே வேலையைச் செய்கிறது: “யூ செட் த சேம் லாஸ்ட் மந்த், டிடின்ட் யூ?” கேள்விக்குறியோடு முடிவதால் உறவு இன்னும் அறுபடவில்லை.

கொங்குப் பேச்சுக்கு வந்தால் இந்தக் கருவிகளில் பாதி பயன்படாமல் போகின்றன. திருநெல்வேலியில் மரியாதை ஆளுக்கு ஆள் மாறி விளியில் ஏறுகிறது. கொங்கில் அது ‘ங்’ என்ற ஒற்றை ஒலியாகக் கிட்டத்தட்ட எல்லா வாக்கியத்தின் முடிவிலும் ஒட்டிக்கொள்கிறது. போறனுங், ஆமாங், இல்லீங். மாமனும் மாப்பிள்ளையும் ஒருவருக்கொருவர் போட்டுக்கொள்கிறார்கள். கடன் கேட்பவரும் போடுகிறார், தவணை கேட்பவரும் போடுகிறார். இது பணிவு என்று நினைப்பதுதான் மொழிபெயர்ப்பாளர் செய்யக்கூடிய முதல் பிழை. பணிவு என்று எடுத்துக்கொண்டால் ஒவ்வொரு ‘ங்’குக்கும் ஒரு ‘சார்’ வரும். ஒரு பக்கத்தில் எட்டு ‘சார்’ வந்தால் தோட்டத்துச் சொந்தக்காரர் துரை வீட்டுப் பணியாளாகிவிடுவார். கொங்கு ‘ங்’ என்பது பேச்சின் தரைமட்டம், யாரும் அதைக் கேட்பதே இல்லை. அது காணாமல் போகும்போதுதான் எல்லோருக்கும் கேட்கிறது.

ஈரோட்டுப் பேச்சின் கடைசி வரியில் நடந்தது அதுதான். ‘ஏனுங் மாப்ள’ என்று தொடங்கியவர் ‘சொன்னே’ என்று முடிக்கிறார். ‘ங்’ இல்லை, ‘மாப்ள’ இல்லை, ‘நீங்க’ என்ற முன்னிலையும் இல்லை. குரல் உயரவில்லை, வசவு எதுவும் இல்லை, ஆனாலும் கேட்டவருக்கு முகம் சிவந்திருக்கும். திருநெல்வேலிப் பெரியவர் கோபப்பட்டால் வேறு மாதிரி நடக்கும். “ஏலே, போன மாசமும் இதத்தானல சொன்ன” என்று ‘வே’ இருந்த இடத்தில் ‘லே’ வந்து விழும். அங்கே ஒரு சொல் வந்து விழுவது நிகழ்ச்சி, இங்கே ஓர் ஒலி விட்டுப்போவது நிகழ்ச்சி. இரண்டையும் ஒரே மாதிரி மொழிபெயர்க்கவே முடியாது என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

வந்து விழுவதை ஆங்கிலமாக்குவது எளிது. அதுவரை வராத கடுமையான விளி ஒன்றைக் கொண்டுவந்தால் போதும். விட்டுப்போவதை ஆங்கிலமாக்க வேண்டுமென்றால் அது முன்பு இருந்திருக்க வேண்டும். கடைசி வரியின் வேலை முதல் வரியிலிருந்தே தொடங்குகிறது. கொங்குப் பேச்சில் எல்லோருடைய வாக்கியங்களையும் கொஞ்சம் நிதானமாக, முழுதாக, சுற்றி வளைத்துக் கேட்கும்படி அமைத்துக்கொள்ள வேண்டும். “டெல் மீ, மாப்ளே, வாட் ஹேஸ் பிகம் ஆஃப் த மோட்டார் மணி?” ‘வென் டூ ஐ சீ’ என்ற நெல்லைக் கேள்வியோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். ‘என்னாச்சுங்’ என்பதில் யாரையும் குற்றம் சொல்லாத நயம் இருக்கிறது. காசுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது, ஆளுக்கு ஒன்றும் இல்லை. அந்த நயம்தான் இங்கே ‘ங்’கின் இடத்தை நிரப்புகிறது. பதிலும் அதே நடையில் வர வேண்டும்: “லெட் திஸ் மந்த் கோ பை, மாமா. வென் த டர்மெரிக் இஸ் சோல்ட், தட் வில் பி த ஃபர்ஸ்ட் திங் ஐ சீ டு.” சுருக்கம் எதுவும் இல்லை, உறவுச்சொல் இருக்கிறது, வாக்கியம் பதறாமல் நடக்கிறது.

அதன் பிறகு கடைசி வரி: “யூ செட் த சேம் லாஸ்ட் மந்த்.” உறவுச்சொல் இல்லை, வால்கேள்வி இல்லை, முற்றுப்புள்ளி. இந்த வரியைத் தனியாகப் படித்தால் அதில் ஒன்றும் இல்லை. மேலே உள்ள நான்கு வரிகளும் சரியாக அமைந்திருந்தால் மட்டுமே அது அறைபோல் விழும். நெல்லை வரிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ‘டிடின்ட் யூ’ என்ற இரண்டு சொல்தான். ஒரு மாவட்டத்துக் கோபம் கேள்விக்குறியில் தயங்கி நிற்பதும் இன்னொரு மாவட்டத்துக் கோபம் முற்றுப்புள்ளியில் வெடிப்பதும் அந்த இரண்டு சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது.

கொங்குப் பக்கத்தில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. அங்கே பல சொற்கள் பொதுத்தமிழின் முகமூடியோடு வருகின்றன. ‘காட்டுக்குப் போயிருக்கறாருங்’ என்பதை ‘ஃபாரஸ்ட்’ என்று மொழிபெயர்த்துவிட்டால் அப்பா விறகு வெட்டியாகிவிடுவார். அங்கே காடு என்பது மழையை நம்பிய புன்செய், கிணற்றுப் பாசனம் உள்ளது தோட்டம். ‘பொழுதோட’ என்றால் சாயங்காலம், நேரத்தோடு வருவார் என்று அதற்குப் பொருள் இல்லை. ‘சொல்லிப்போடு’ என்பதில் எதையும் எங்கும் போடவில்லை, ‘சொல்லிவிடு’ என்பதுதான். நெல்லைப் பேச்சில் தெரியாத சொல் தெரியாததாகவே தோன்றும். ‘பிசானம்’ என்றால் உடனே யாரையாவது கேட்போம், தாமிரபரணிப் பாசனத்தில் காருக்கு அடுத்து வரும் நெல் பருவம் என்று தெரிந்துகொள்வோம். கொங்கில் தெரிந்ததுபோல் தோன்றும் சொல்தான் காலை வாருகிறது. கி. ராஜநாராயணன் 1982-இல் கொண்டுவந்த கரிசல் வட்டாரச் சொல்லகராதியும் பெருமாள்முருகன் 2000-இல் கொண்டுவந்த கொங்கு வட்டாரச் சொல்லகராதியும் மேசையில் இருக்க வேண்டியவை. தெரியாத சொல்லுக்காக மட்டும் அவற்றைப் புரட்டினால் பயன் பாதிதான். தெரியும் என்று நினைக்கிற சொல்லுக்காகவும் புரட்ட வேண்டும்.

‘பிசானம்’ என்பதை ஆங்கிலத்தில் வைப்பதா விடுவதா என்று கேட்டால், வைக்கவேண்டும் என்பேன். “ஒன்ஸ் த பிசானம் பேடி இஸ் இன்” என்றால் ‘பேடி’ பொருளைச் சொல்லிவிடுகிறது, ‘பிசானம்’ ஊரைச் சொல்லிவிடுகிறது. ‘மஞ்ச’ளுக்கு ‘டர்மெரிக்’ என்பதே போதும், ஈரோட்டுக் கதையில் அதுவே முகவரி. ஆங்கில வாசகருக்குச் ‘சொல்லுதான்’, ‘போறனுங்’ என்ற ஒலிகளால் மாவட்டம் தெரியவே போவதில்லை. அந்த இழப்பு முழுமையானது, அதை எந்தச் சாமர்த்தியத்தாலும் மீட்க முடியாது. ஆனால் பயிர், நிலம், பாசனம், உறவுமுறை ஆகிய நான்கிலிருந்தும் ஊர் மெல்ல மெல்லக் கூடி வரும். பேச்சிலிருந்து போனதைப் பொருளில் கொஞ்சம் சேர்த்துவைக்கலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது. கதை சொல்பவர் எழுத்துத் தமிழிலும் பாத்திரங்கள் வட்டாரப் பேச்சிலும் இருக்க வேண்டும். அப்போதுதான் இரண்டுக்கும் இடையில் ஒரு படி இருக்கிறது, ஆங்கிலத்திலும் அதே படியைக் கட்டலாம். விவரணையின் வாக்கியம் நீண்டு, சுருக்கமற்று, கொஞ்சம் விலகி நிற்கும். உரையாடல் அதற்குக் கீழே இறங்கி வரும். கொங்குப் பேச்சில் இது கூடுதல் கவனம் கேட்கிறது. உரையாடலையே நிதானமாகவும் முழுதாகவும் அமைத்துவிட்டோம், அதனால் விவரணை இன்னும் ஒரு படி மேலே போக வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் கதாசிரியரும் தோட்டக்காரரும் ஒரே குரலில் பேசுவதாகிவிடும். பாமாவின் ‘கருக்கு’ போன்ற நூல்களில் நிலைமை வேறு. 1992-இல் வந்த அந்த நூல் முழுவதுமே பேச்சுத் தமிழில் நடக்கிறது, ஏறி இறங்கப் படியே இல்லை. அங்கே உரையாடலுக்கு என்று தனி உத்தி எதையும் வைக்க முடியாது, நூலின் ஆங்கிலம் மொத்தத்தையும் பேச்சின் மூச்சுக்கு மாற்ற வேண்டும். கி. ரா.வின் கதைசொல்லியும் பெரும்பாலும் அந்தப் பக்கத்து ஆள்தான்.

மொழிபெயர்ப்பு சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. தமிழ் தெரியாத, கதையைக் கேட்டிராத ஒருவரிடம் உரையாடலை மட்டும் கொடுங்கள். யார் சொன்னது என்ற குறிப்புகளை எடுத்துவிடுங்கள். மூன்றே கேள்விகள் கேளுங்கள்: எத்தனை பேர் பேசுகிறார்கள், யார் மூத்தவர், எந்த வரியில் கோபம் வந்தது? நெல்லைப் பேச்சில் முதல் இரண்டுக்கும் உடனே பதில் வரவேண்டும். மூன்றாவதற்கு ‘இன்னும் வரவில்லை’ என்பது சரியான பதில். கொங்குப் பேச்சில் ‘கடைசி வரி’ என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லை என்றால் கடைசி வரியில் கை வைக்காதீர்கள். ‘ஆங்க்ரிலி’ என்று ஒரு சொல்லைச் சேர்த்து அதைக் காப்பாற்றத் தோன்றும், சேர்க்கக் கூடாது. பிழை மேலே எங்கோ இருக்கிறது. ஏதோ ஒரு வரியில் நிதானம் குறைந்திருக்கும், அல்லது ஒரு ‘மாமா’ விடுபட்டிருக்கும்.

இவ்வளவு வேலையும் கெட்டுப்போக இன்னொரு வாசல் திறந்தே இருக்கிறது. பதிப்பகத்தின் செம்மையாளர் நல்லெண்ணத்தோடுதான் கை வைப்பார். இரண்டாவது ‘அப்பா’ தேவையில்லாமல் திரும்ப வந்திருப்பதாக நினைத்து ‘ஹி’ ஆக்குவார். மாப்பிள்ளையின் பேச்சு விறைப்பாக இருப்பதாக நினைத்து ‘தட் வில் பி’ என்பதைச் சுருக்கி ‘தட்ல் பி’ ஆக்குவார். ஆங்கிலத்தின் கண்ணில் இரண்டும் சரியான திருத்தங்கள். ஒன்றில் சிறுவனின் மரியாதை போகிறது, மற்றொன்றில் ‘ங்’ போகிறது. அதனால் கையெழுத்துப் படியோடு ஒரு பக்கக் குறிப்பும் போக வேண்டும். எந்தப் பாத்திரம் சொற்களைச் சுருக்கிப் பேசும், எது பேசாது, எந்தச் சொல் வேண்டுமென்றே திரும்ப வருகிறது, எந்த வரியில் உறவுச்சொல் வேண்டுமென்றே இல்லை என்று ஒவ்வொன்றாக அதில் எழுதிவிட வேண்டும். உறவுச்சொற்களைச் சாய்வெழுத்தில் போட வேண்டாம் என்பதையும் சேர்த்துவிடலாம். திண்ணையில் அவற்றை யாரும் அழுத்திச் சொல்வதில்லை.